சர்ச் கோபுரத்தை ஏன் மங்க வைக்கிறீர்கள்?

திருச்சி மலைக்கோட்டை உச்சியில் நின்று தெப்பக்குளம் பக்கம் கேமராவைத் திருப்பாத போட்டோகிராபரை நான் பார்த்ததில்லை. கீழே குளம், குளத்தின் நடுவே மண்டபம், அதற்கு அப்பால் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்கோபுரம், சுற்றிலும் கடைவீதிகள். 83 மீட்டர் உயரப் பாறையிலிருந்து சாய்வாகப் பார்க்கும் பார்வை. ஊரைப் பொம்மை ஊராக்கிக் காட்டும் டில்ட் ஷிஃப்ட் எஃபெக்டுக்கு இதைவிடத் தோதான காட்சி சுலபத்தில் அமையாது. காலண்டருக்கும் ஃபிரேமுக்கும் பிரிண்ட் போட என்னிடம் வரும் ஃபைல்களில் இந்தக் காட்சி அடிக்கடி வருகிறது. கூடவே அதே தப்பும் வருகிறது.

போன வாரம் வந்த படத்தையே சொல்கிறேன். சர்ச்சின் வாசல் பளிச்சென்று ஷார்ப்பாக இருக்கிறது. கோபுரத்தின் பாதி உயரத்தில் கல் வேலைப்பாடு கரையத் தொடங்குகிறது. உச்சியில் சிலுவை இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் திட்டுதான் மிச்சம். அதே கட்டடம், அதே தூரம். வாசல் மட்டும் தெரிகிறது, உச்சி தெரியவில்லை. அனுப்பியவரிடம் கேட்டேன். "மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் பிளர் பண்ணினா மினியேச்சர் வந்துடும்தானே சார்?" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

வராது. மேல், கீழ் என்பது காகிதத்தில் உள்ள திசை. மங்கலுக்கும் அதற்கும் நேரடியாக எந்தச் சம்பந்தமும் இல்லை. மங்கல் தூரத்தைப் பொறுத்தது. லென்ஸ் எந்தத் தூரத்தில் ஃபோகஸ் ஆகியிருக்கிறதோ, அதிலிருந்து முன்னாலோ பின்னாலோ விலகிய பொருள் மங்கும்.

நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைத்தால், கீழே மண் பரப்பி ஊர் அமைத்திருப்பார்கள் அல்லவா? அதை ஒரு முறை மிகக் கிட்டே போய்ப் போனில் படம் எடுத்துப் பாருங்கள். கோயில் பொம்மையில் ஃபோகஸ் வைத்தால், முன்னால் நிற்கும் மாட்டு வண்டி மங்கும், பின்னால் இருக்கும் மலை மங்கும். ஆனால் கோயில் பொம்மை அடியிலிருந்து கலசம் வரை ஷார்ப்பாகவே இருக்கும், ஏனென்றால் அது முழுவதும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நிற்கிறது. நம் கண் இத்தனை வருடமாகச் சின்னப் பொருள்களைப் பார்த்துப் பழகியது இந்த மங்கலைத்தான். ஊர்ப் படத்தில் இதே மங்கலைக் காட்டினால் ஊர் சின்னதாகிவிடுகிறது. கோபுரத்தின் தலையை மட்டும் மங்க வைத்தால் கண் நம்ப மறுக்கிறது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, "ஏதோ ஒட்டல" என்பார்.

அப்படியானால் நடுவே ஒரு பட்டையை மட்டும் ஷார்ப்பாக விட்டு மேலும் கீழும் மங்க வைக்கும் பட்டை முறை எப்படிப் பல படங்களில் சரியாக வருகிறது? அங்கே தரைதான் அதிகம். சாய்வாகப் பார்க்கும்போது தட்டையான தரையில் கீழே இருப்பது கிட்டே, மேலே இருப்பது தூரே. இதில் ஒரு கணக்கும் ஒத்துப்போகிறது. மங்கலின் அளவு தூரத்தின் தலைகீழ் மதிப்பில், அதாவது ஒன்றைத் தூரத்தால் வகுத்தால் வரும் எண்ணில், உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. தட்டையான தரையில் அந்தத் தலைகீழ் மதிப்பு, படத்தில் மேலே போகப் போகச் சீராகக் குறைகிறது. ஆகவே ஃபோகஸ் கோட்டிலிருந்து மேலும் கீழும் சீராக மங்கல் ஏறுவது தரைக்கு மிகச் சரி. தொடுவானத்தை எட்டியதும் மங்கல் அதோடு நின்றுவிடும். அதற்கு மேலே வானத்துக்கும் தூரத்து மலைக்கும் தொடுவானத்தின் மங்கல்தான், கூடுதலாக ஒரு பொட்டும் கிடையாது. தரை மேல் எதாவது எழுந்து நின்றதும் பட்டை முறை தோற்றுவிடுகிறது. வயல், ரயில் யார்டு, கடற்கரை என்றால் பட்டை போதும். கோபுரம், தண்ணீர்த் தொட்டி, தென்னந்தோப்பு என்றால் போதாது.

"நிஜ டில்ட் லென்ஸிலேயே கோபுரத்தின் தலை மங்கத்தானே செய்யும்?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மைதான். கேனான் 1973ல் கொண்டுவந்த TS 35mm முதலாக இந்த வகை லென்ஸ் செய்வது ஃபோகஸ் தளத்தையே சாய்ப்பது. மேசையில் பரப்பிய பொருள்களை முன்னிருந்து பின்வரை ஷார்ப்பாக எடுக்க உதவும் வசதியை எதிர்ப்பக்கம் சாய்த்துத்தான் பொம்மைத் தோற்றம் வாங்குகிறார்கள். அந்தச் சாய்ந்த தளம் கோபுரத்தை ஒரு இடத்தில்தான் வெட்டும். அது லென்ஸின் குறை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் நாம் அந்தக் குறையையும் சேர்த்து நகல் எடுக்க வேண்டிய அவசியம் என்ன?

விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பொருளுக்கும் அதன் அடி தரையைத் தொடும் இடத்தில் உள்ள மங்கலைத்தான் கொடுக்க வேண்டும். உச்சி படத்தில் எங்கே போய் முட்டினாலும் சரி.

ஃபோட்டோஷாப்பில் அதைச் செய்யும் வழி இது. `Blur Gallery`யில் உள்ள `Tilt-Shift` வேண்டாம், அது பட்டை மட்டுமே போடும். `Filter > Blur > Lens Blur` எது எவ்வளவு தூரம் என்பதைச் சாம்பல் அளவாகக் காட்டும் தூர வரைபடத்தை வாங்கிக்கொள்ளும். சேனல் பேனலில் புதிதாக ஒரு ஆல்ஃபா சேனல் திறந்து, கீழ் விளிம்பில் கறுப்பு, தொடுவானத்தில் வெள்ளை என்று நேர் கிரேடியன்ட் இழுங்கள். தொடுவானத்துக்கு மேலே முழு வெள்ளை.

படம் 6000க்கு 4000 பிக்சல், தொடுவானம் மேலிருந்து 400வது வரிசையில் என்று வைத்துக்கொள்வோம். கறுப்பு 0, வெள்ளை 255 என்ற கணக்கில், சர்ச்சின் அடி 1500வது வரிசையில் இருந்தால் அங்கே சாம்பல் மதிப்பு 177 வரும். கோபுர உச்சி 600வது வரிசை வரை எழும்பினால், அந்த இடத்தில் கிரேடியன்ட் காட்டுவது 241. குளத்து மண்டபத்தின் அடி 2600வது வரிசை, மதிப்பு 99. இப்போது சர்ச்சில் ஃபோகஸ் என்றால் 177தான் ஷார்ப். மண்டபம் 78 புள்ளி விலகியிருக்கிறது, நியாயமாக மங்குகிறது. ஆனால் சர்ச்சின் சொந்த உச்சி 64 புள்ளி விலகிவிட்டது! அதாவது, எவ்வளவோ முன்னால் இருக்கும் மண்டபத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக மங்கிவிடும். எனக்கு வந்த படத்தில் நடந்தது இதுவேதான்.

சரி செய்வது பத்து நிமிட வேலை. பென் டூலில் சர்ச்சைச் சுற்றிச் செலக்ஷன் எடுத்து, ஆல்ஃபா சேனலில் அந்த வடிவம் முழுவதையும் 177ஆல் நிரப்புங்கள். மண்டபத்தை 99ஆல். முன்னால் எழும்பி நிற்கும் மாடிக் கட்டடங்களையும் மரங்களையும் அப்படியே அவற்றின் அடியில் உள்ள சாம்பலை எடுத்து நிரப்புங்கள். ஊரில் உள்ள எல்லா வீட்டையும் செய்யத் தேவையில்லை. பின்னணியை விட்டுத் தனியாக நீட்டிக்கொண்டிருப்பவை மட்டும் போதும். பிறகு `Lens Blur` திறந்து `Depth Map` மூலமாக அந்தச் சேனலைக் கொடுத்து, முன்னோட்டத்தில் சர்ச்சின் மேல் ஒரு கிளிக். ஃபோகஸ் அங்கே உட்காரும். இந்த அளவுப் படத்துக்கு `Radius` 30லிருந்து 40க்குள் வைத்துப் பாருங்கள்.

இதன் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. கோபுரம் ஷார்ப், பின்னால் ஊர் மங்கல் என்றதும் கோபுர விளிம்பைச் சுற்றி ஒரு வெளிர் புகை படரும். மங்க வைக்கும்போது கோபுரத்தின் நிறமும் பின்னணியில் கலந்து வெளியே கசிவதுதான் அது. வழி: கோபுரத்தைத் தனி லேயரில் எடுத்து வையுங்கள். கீழ் லேயரில் கோபுரம் இருந்த இடத்தை `Content-Aware Fill` கொண்டு சுற்றியுள்ள ஊரால் நிரப்பிவிட்டு, அதை மட்டும் மங்க வையுங்கள். அந்த லேயருக்குக் கொடுக்கும் ஆல்ஃபா சேனலில் கோபுர வடிவம் தேவையில்லை, அந்த இடத்தில் வெறும் கிரேடியன்ட் இருக்கட்டும், ஃபோகஸ் கிளிக் சர்ச்சின் அடி இருந்த இடத்தில் விழட்டும். பிறகு கோபுரத்தைத் திரும்ப மேலே வையுங்கள். நிரப்பிய இடம் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, மங்கலும் கோபுரமும் அதை மறைத்துவிடும்.

`Gaussian Blur` வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில், மாலை விளக்கு எல்லாம் லென்ஸில் வட்டத் தட்டாக விரியும். காஸியனில் அவை பஞ்சாகக் கரைந்துவிடும். அந்த வட்டங்கள் இல்லாவிட்டால் கிட்டத்தில் எடுத்த படம் என்ற எண்ணமே வராது.

டிரோன்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நேர் கீழே பார்த்து எடுத்த படத்தில் இந்தப் பட்டையைப் போடாதீர்கள். அங்கே தரை முழுவதும் கேமராவிலிருந்து ஒரே தூரம்தான், மேலும் கீழும் மங்க எந்தக் காரணமும் இல்லை. கேமராவைச் சாய்த்து, தொடுவானம் ஃபிரேமுக்குள் வராதபடி எடுங்கள். வந்துவிட்டால் வெட்டி விடுங்கள். வானம் தெரிந்தால் ஊர் பழையபடி பெரிய ஊராகிவிடும். தொடுவானத்தை எங்கே என்று குறித்துக் கிரேடியன்டை முதலில் இழுத்துவிட்டு, வெட்டுவதைக் கடைசியில் செய்தால் கணக்குத் தவறாது. பனிமூட்டத்தோடு எடுத்ததும் அப்படியே. மூட்டம் என்றாலே தூரம் என்று கண்ணுக்குத் தெரியும். மங்க வைப்பதற்கு முன்பே `Dehaze` போட்டு மூட்டத்தைக் குறைத்து, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், பெயின்ட் அடித்த பொம்மையின் நிறம் வரும் வரை.

வெள்ளம், விபத்து, சாவு ஊர்வலம் போன்றவற்றை உயரத்திலிருந்து எடுத்த படங்களில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அதில் இருப்பவர்கள் பொம்மைகளாகத் தெரிவார்கள். அவர்களின் வீட்டார் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

பிரிண்டுக்கு அனுப்புகிறவர்கள் கடைசியாக ஒன்று செய்யுங்கள். மங்கிய பகுதியில் படத்தின் இயல்பான கிரெய்ன் அழிந்துபோயிருக்கும். அந்த வழவழப்பில் குளத்துத் தண்ணீரும் ஒரே நிறச் சுவர்களும் பிரிண்டில் படிப்படியாகக் கோடு விழுந்து வரும். ஸ்கிரீனில் அது கண்ணில் படாமல் போகலாம், ஒட்டிய காலண்டரில் தெரிந்துவிடும். வேலை முழுவதும் 16 பிட்டில் செய்து, மங்க வைத்த லேயருக்கு மட்டும் `Filter > Noise > Add Noise`ல் `Monochromatic` டிக் செய்து ஒன்று அல்லது ஒன்றரை சதவீதம் கொடுங்கள். கோபுர லேயரில் உள்ள கிரெய்னோடு அது ஒத்துப்போகிறதா என்று 100 சதவீதத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஃபைலை அனுப்புங்கள்.