பட்டியலில் தொலையும் உரையாடல்கள்

செயற்கை நுண்ணறிவோடு உரையாடும் செயலிகளில் இடப்பக்கம் ஒரு பட்டியல் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொரு உரையாடலுக்கும் செயலியே ஒரு தலைப்பை வைத்துவிடுகிறது. போன மாதம் பேசியதைத் தேடி வருகிறவர் அந்தப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, நாலைந்தைத் திறந்து மூடி, கடைசியில் அலுத்துப்போய் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்கிறார். இத்தகைய செயலிகளைக் கட்டும் வேலையில் இருப்பதால் இந்தப் பட்டியல்களைத் தினமும் பார்க்கிறேன். தலைப்பு ஒவ்வொன்றையும் தனியே எடுத்துப் படித்தால் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பதோடு சேர்த்துப் படித்தால்தான் கோளாறு தெரியும்.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கோவையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர் நான்கு உரையாடல்களை வைத்திருக்கிறார். முதலாவதில் 11 மாத வாடகை ஒப்பந்தத்துக்கு வரைவு எழுதினார். இரண்டாவதில் வீட்டு ஓனர் கரன்ட் பில்லை யூனிட்டுக்கு என்ன கணக்கில் வாங்குகிறார் என்று பார்த்தார். மூன்றாவது, வீட்டைக் காலி செய்தபோது அட்வான்ஸ் 60,000 ரூபாயில் பெயிண்ட் செலவென்று 18,000 பிடித்துக்கொண்டதை எதிர்த்து எழுதிய கடிதம். நான்காவது, அந்தச் சூட்டோடு புது வீட்டு ஒப்பந்தத்தில் பெயிண்ட் பற்றிச் சேர்க்க விரும்பிய நிபந்தனை.

"இந்த உரையாடலுக்கு ஐந்து சொல்லில் தலைப்பு கொடு" என்று மட்டும் மொழி மாதிரியிடம் சொன்னால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "வாடகை ஒப்பந்தம் குறித்த விளக்கம்", "வாடகை வீட்டு மின்கட்டணப் பிரச்சினை", "வாடகை வீட்டு முன்பணம் தொடர்பான கடிதம்", "வாடகை ஒப்பந்தத்தில் பெயிண்ட் நிபந்தனை சேர்த்தல்". கைபேசித் திரையில் முதல் இரண்டு சொற்களுக்குத்தான் இடம் இருக்கும். அப்போது இரண்டு "வாடகை ஒப்பந்த…", இரண்டு "வாடகை வீட்டு…" என்று நிற்கும். தமிழில் அடைமொழி முன்னால் வரும், முக்கியச் செய்தி பின்னால் வரும். பட்டியலோ பின்னால் இருப்பதைத்தான் வெட்டுகிறது. ஆகவே வேறுபடுத்தும் சொல்லை வலிந்து முன்னால் கொண்டுவர வேண்டும்: "11 மாத ஒப்பந்த வரைவு", "கரன்ட் பில்: யூனிட் கணக்கு", "பெயிண்ட் பிடித்தம்: அட்வான்ஸ் கடிதம்", "புது வீடு: பெயிண்ட் நிபந்தனை". இலக்கண அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இதை மாதிரியிடமிருந்து பெற இரண்டு காரியம் செய்தால் போதும். அந்தப் பயனரின் சமீபத்திய இருபது முப்பது தலைப்புகளையும் கூடவே அனுப்பி, இவற்றிலிருந்து வேறுபடுத்தும் சொல்லில் தொடங்கு என்று சொல்ல வேண்டும். "தொடர்பான", "குறித்த", "உதவி", "விளக்கம்", "பிரச்சினை" ஆகிய சொற்களைத் தடை செய்ய வேண்டும். எந்த உரையாடலுக்கும் பொருந்துகிற சொல் எந்த உரையாடலையும் அடையாளம் காட்டாது. தேதியும் வேண்டாம். பட்டியலே "நேற்று", "கடந்த 7 நாட்கள்" என்று பிரித்துக் காட்டிவிடுகிறது.

தலைப்பை எப்போது வைப்பது என்பதும் சிக்கல்தான். முதல் செய்தி வந்ததுமே வைத்தால் "வணக்கம், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பவர்களின் பட்டியல் முழுக்க வாழ்த்துகளாகிவிடும். முதல் செய்தியில் பொருள் எதுவும் இல்லையென்றால் அடுத்த செய்திவரை பொறுத்திருப்பதே நல்லது. இன்னொரு பக்கம், பேச்சு திசை மாறும்போதெல்லாம் தலைப்பையும் மாற்றிக்கொண்டிருந்தால், நேற்றுப் பார்த்த பெயரை இன்று காணாமல் பயனர் திகைப்பார். தொடக்கத்தில் ஒரு முறை திருத்தலாம், அதன்பின் கை வைக்கக்கூடாது என்பது நான் பின்பற்றும் விதி. பயனரே பெயர் மாற்றிவிட்டால் அதைத் தானியங்கி தொடவே கூடாது. பின்னால் வரும் திருப்பங்களைச் சுருக்கம் பார்த்துக்கொள்ளும்.

சுருக்கத்தின் வேலை வேறு. தலைப்பைக் கண் படிக்கிறது. சுருக்கத்தைப் பெரும்பாலும் தேடுபொறிதான் படிக்கிறது. "பயனர் வாடகை முன்பணம் பற்றிக் கேட்டார், அதற்கு விரிவான விளக்கம் அளிக்கப்பட்டது" என்ற சுருக்கத்தால் ஒரு பயனும் இல்லை. என்ன கேட்டார், என்ன முடிவானது, எந்த இடத்தில் நின்றது, தொகை எவ்வளவு, பெயர் என்ன என்பவை இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், பயனர் சொன்ன சொல் இருக்க வேண்டும். அவர் "ஓனர்", "அட்வான்ஸ்" என்று எழுதியிருப்பார். மாதிரி மரியாதையாக "வீட்டு உரிமையாளர்", "முன்பணம்" என்று மாற்றிவிடும். மூன்று மாதம் கழித்து அவர் "அட்வான்ஸ்" என்று தேடுவார், ஒன்றும் கிடைக்காது. ஆகவே சுருக்கத்துக்குப் பக்கத்தில் தேடுசொற்களைத் தனியே சேமிக்கிறோம்:

```json
{
  "title": "பெயிண்ட் பிடித்தம்: அட்வான்ஸ் கடிதம்",
  "summary": "ஓனர் 60,000 அட்வான்ஸில் பெயிண்ட் செலவுக்கு 18,000 பிடித்தார். ரசீது கேட்டுக் கடிதம் தயார்; இன்னும் அனுப்பவில்லை.",
  "words": "அட்வான்ஸ் முன்பணம் advance ஓனர் உரிமையாளர் பெயிண்ட் வீடு கடிதம் ரசீது"
}
```

தேடுசொற்கள் வேற்றுமை உருபு ஏறாத வடிவில் இருப்பதைக் கவனியுங்கள். "ஒப்பந்தம்" என்று தேடினால் "ஒப்பந்தத்தில்" என்ற சொல் அகப்படாது, ஏனென்றால் கடைசி எழுத்து ஒத்துவராது. "ஒப்பந்த" என்பது வரை வெட்டித் தேடினால் அகப்படும். ஆனால் "வீடு" என்பதை அப்படி வெட்டினால் "வீ" மட்டுமே மிஞ்சும், அது "வீட்டை"யோடு வேறு பல சொற்களையும் இழுத்துவரும். பொருளை வைத்துத் தேடும் வெக்டர் முறை இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும். தொகை, ஊர்ப் பெயர், ஆர்டர் எண் போன்றவற்றில் அதுவும் தடுமாறும். அங்கே சொல்லுக்குச் சொல் பொருத்தும் பழைய முறையே கைகொடுக்கிறது.

அந்தப் பழைய முறையில் தமிழுக்கென்றே ஒரு குழி காத்திருக்கிறது. கைபேசிச் செயலிகள் பலவும் தேடலுக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் FTS5 வசதியைப் பயன்படுத்துகின்றன. அதன் இயல்பான சொல்பிரிப்பான் யூனிகோடில் எழுத்து, எண் என்று வகைப்படுத்தப்பட்டவற்றை மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் குறிகள் என்ற வகையில் வருகின்றன. அவற்றை இடைவெளியைப் போல நினைத்து அது சொல்லை உடைத்துவிடும். "கூலி" என்பது "க", "ல" என்று இரண்டு துண்டாகும். "காலை"யும் அப்படியே, "கேலி"யும் அப்படியே. எனவே கூலிக் கணக்கைத் தேடுகிறவருக்குக் காலை உணவுப் பட்டியல் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த குழுவுக்கு இது தெரியவே தெரியாது. சரியான விடையும் கூடவே வந்துவிடுவதால் தமிழில் சோதித்தவர்கூட "தேடல் கொஞ்சம் மோசம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். குறிகளையும் சொல்லில் சேர்க்கச் சொன்னால் சரியாகிவிடும்:

```sql
CREATE VIRTUAL TABLE chats USING fts5(
  title, summary, words,
  tokenize = "unicode61 categories 'L* N* Co Mn Mc'"
);
```

தலைப்பை வெட்டும் இடத்திலும் இதே குறிகள்தான் தொல்லை. "ஒப்பந்தம்" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு ஒன்பது குறியீடு. எட்டில் வெட்டினால் புள்ளி உதிர்ந்து "ஒப்பந்தம" என்று நிற்கும். வெட்டுவதை `Intl.Segmenter` போன்ற எழுத்தறிந்த கருவியிடம் விட்டுவிட வேண்டும். மாதிரி தரும் விடைக்கு டோக்கன் வரம்பு வைப்பதிலும் இப்படித்தான்: ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் பொதுவாக அதிக டோக்கன்களை விழுங்கும் என்பதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரம்பு தமிழ்த் தலைப்பைச் சொல்லின் நடுவிலேயே முறித்துவிடும். அரைச்சொல்லில் முடியும் தலைப்புகளைக் கண்டால் முதலில் அந்த வரம்பைப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை உண்டு. உரையாடலின் கடைசி வரி "இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடு" என்று இருந்தால், தலைப்பு வைக்கச் சொன்ன மாதிரி தலைப்பை மறந்து மொழிபெயர்க்க உட்கார்ந்துவிடும். உரையாடலைத் தெளிவான குறிகளுக்குள் அடைத்து, இது வெறும் தரவு என்று சொல்லி, கட்டளையை அதற்குப் பின்னால் வைத்தால் பெருமளவு குறையும், முழுக்க நிற்காது. அதனால் வரும் விடையைச் சோதிக்கவும் வேண்டும். அறுபது எழுத்தைத் தாண்டினாலோ, வரி உடைந்திருந்தாலோ, "நிச்சயமாக" என்று தொடங்கினாலோ அதை எறிந்துவிட்டு, பயனரின் முதல் உருப்படியான வாக்கியத்திலிருந்து நாலு சொல்லை எடுத்து வைத்துவிடலாம். நீண்ட ஆவணத்தை ஒட்டிவிட்டு அதன்மேல் கேள்வி கேட்பவர்களும் உண்டு. ஆவணத்தை முழுதாக அனுப்பினால் தலைப்பு ஆவணத்தைப் பற்றியதாகிவிடும், கேள்வி காணாமல் போகும். ஒட்டியதன் முதல் சில வரிகளும் பயனர் தம் கையால் எழுதியவையும் போதும்.

தலைப்பு பிறர் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. அலுவலகக் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது "எச்ஐவி பரிசோதனை முடிவு" என்ற வரி எல்லோருக்கும் தெரியும். உடல்நலம், கடன், மணமுறிவு போன்றவற்றில் தலைப்பை "ரத்தப் பரிசோதனை அறிக்கை" என்ற அளவில் நிறுத்திவிட்டு, விவரத்தைச் சுருக்கத்துக்குள் வைக்கச் சொல்கிறோம். தேடினால் கிடைக்கும், சும்மா கிடக்கும்போது காட்டிக்கொடுக்காது. உரையாடலை அழித்தால் சுருக்கம், தேடல் அட்டவணை, வெக்டர் எல்லாமும் சேர்ந்து அழிய வேண்டும். உரையாடல் போனபின் அதன் சுருக்கம் மட்டும் தேடலில் தலைகாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் செய்தபின் தலைப்பு நன்றாக இருக்கிறதா என்று யாரிடமும் கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சோதனைக்குச் சம்மதித்த ஒருவரின் பட்டியலை, உள்ளே இருப்பதைக் காட்டாமல், தலைப்புகளை மட்டும் இன்னொருவரிடம் கொடுங்கள். "அட்வான்ஸில் பிடித்த பணத்தைக் கேட்டு எழுதிய கடிதம் எது?" என்று கேட்டு ஒன்றைத் தொடச் சொல்லுங்கள். தயங்கினால் தலைப்பில் கோளாறு. அதே தேவையைத் தம் சொல்லில் தேடல் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். முதல் மூன்று விடைக்குள் அது வராவிட்டால் சுருக்கத்திலோ தேடுசொற்களிலோ கோளாறு. அவர் எழுதிய சொல்லை அப்படியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தேடுசொற்களில் எது விடுபட்டிருக்கிறது என்பதை அது காட்டிவிடும்.