'விரைவில் வரும்' என்று எழுதாதீர்கள்

சென்ற நவம்பர் இறுதியில், கைத்தறிச் சேலைகளை இணையத்தில் மட்டும் விற்கும் ஓர் அக்கா போனில் அழைத்தார். "தம்பி, அரக்குக் கண்டாங்கி தீர்ந்து ஆறு வாரமாகிறது. 63 பேர் நம்பர் கொடுத்துக் காத்திருந்தார்கள். சேலை வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தகவல் அனுப்பினோம். எட்டுப் பேர் வாங்கினார்கள். மற்றவர்கள் கோபமாக எழுதுகிறார்கள்" என்றார். எத்தனை சேலை வந்தது என்று கேட்டேன். எட்டு என்றார்.

இணையக் கடைகளின் அறிவிப்புகளையும் பொத்தான்களில் வரும் சொற்களையும் எழுதித் தருவதும் திருத்தித் தருவதும் என் தொழில். இந்த ஜனவரியில் மட்டும் இதே குறையோடு நான்கு கடைகள் வந்துவிட்டன. நான்கிலும் பக்கத்தைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: "இருப்பு இல்லை. சிரமத்திற்கு வருந்துகிறோம். விரைவில் வரும்."

முதல் வாக்கியத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'இருப்பு இல்லை' என்பது ரேஷன் கடைப் பலகையின் குரல். அதைப் படித்தவர் அடுத்த வரிக்குப் போவதில்லை. 'தீர்ந்துவிட்டது' என்று எழுதுங்கள். பொருள் இருந்தது, ஆட்கள் வாங்கிவிட்டார்கள் என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். 'வருந்துகிறோம்' தேவையில்லை. சேலை விற்றுப்போனது யாருக்கும் இழைத்த தவறு அல்ல.

என் பொறுமையைச் சோதிப்பது மூன்றாவது வாக்கியம். 'விரைவில்' என்று போட்டால் வாடிக்கையாளர் நம்பிக்கையோடு காத்திருப்பார் என்று கடைக்காரர்கள் உண்மையாகவே நினைக்கிறார்கள். இல்லை, காத்திருக்க மாட்டார். அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். தை மாதத்தில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. இரவு பத்து மணிக்குப் போனில் அரக்குச் சேலையைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது. இந்தக் கடைக்காகக் காத்திருப்பதா, வேறு கடையில் வாங்குவதா என்பதை அவர் இப்போது முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு அவருக்குத் தேவை ஒரு நாள், அல்லது ஒரு வாரம், அல்லது 'தைக்கு முன்னால் கிடைக்காது' என்ற தெளிவு. 'விரைவில்' இதில் எதையும் தரவில்லை. இரண்டு நாளும் விரைவுதான், இரண்டு மாதமும் விரைவுதான். எது என்று தெரியாதபோது மனிதர்கள் இரண்டு மாதம் என்றே கணக்குப் போடுவார்கள், பக்கத்தை மூடிவிடுவார்கள்.

இதைச் சொன்னால் எல்லாக் கடைக்காரர்களும் ஒரே பதிலைத் தருகிறார்கள்: "தேதி சொல்லிவிட்டு வராமல் போனால்?" அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தேதியே சொல்லாமல் இருப்பது அதற்கு மருந்து அல்ல. உங்களுக்குத் தெரிந்ததை, எதனால் தாமதம் என்ற காரணத்தோடு, சற்றுத் தள்ளியே சொல்லுங்கள். உங்களுக்குக் கட்டாயம் ஏதோ தெரிந்திருக்கும். அக்காவிடம் அடுத்த சேலைகள் எப்போது வரும் என்று கேட்டேன். "தெரியாது தம்பி" என்றவர் மூச்சு விடாமல் தொடர்ந்தார்: "பாவு தயார். மழை விடாததால் தெருவில் நீட்டிக் கஞ்சி போட முடியவில்லை. வெயில் வந்தால் பத்து நாளில் தறியில் ஏறும். ஒரு பாவில் எட்டுச் சேலை. ஒரு சேலைக்கு இரண்டு நாள்."

இதுதான் தெரியாதவர் பேச்சா? தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. அதற்குக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைத்தால்தான் நூல் தறியில் அறுபடாமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வேலை தள்ளிப்போவது நெசவாளர் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளருக்குத் தெரியாது, அவரிடம் யாரும் சொல்வதும் இல்லை. பத்து நாள், எட்டுச் சேலைக்குப் பதினாறு நாள், மடித்துப் படம் எடுக்க நான்கு நாள். முப்பது நாள் ஆயிற்று. அதோடு பத்து நாள் சேர்த்தேன். இடையில் ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம், தறியில் பழுது வரலாம். கூட்டிப் பார்த்தால் வரும் கடைசி நாளைத்தான் பக்கத்தில் போட வேண்டும், முதல் நாளை அல்ல. எழுதிய வாசகம் இது:

"அரக்கு நிறம் தீர்ந்துவிட்டது. அடுத்த பாவு மழை விட்டதும் தறியில் ஏறும். ஜனவரி 5க்குள் எட்டுச் சேலைகள் வரும். 55 பேர் ஏற்கெனவே காத்திருக்கிறார்கள். இதே கரையில் பச்சையும் மஞ்சளும் இன்றே அனுப்பலாம்."

55 என்ற எண்ணைப் போட அக்கா தயங்கினார். கூட்டத்தைப் பார்த்துப் புதியவர்கள் பின்வாங்குவார்களே என்றார். பின்வாங்கட்டும். எட்டுச் சேலைக்கு 56ஆவது ஆளாக ஒருவரை நிறுத்திவைத்துவிட்டு அதை அவரிடம் மறைப்பது முறையல்ல. உண்மையான எண்ணைச் சொல்லலாம், பொய் எண்ணைச் சொல்லவே கூடாது. 'இரண்டே மீதம்' என்று கற்பனையாகப் போடுவது 2023ஆம் ஆண்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடைசெய்யப்பட்ட ஏமாற்று உத்திகளுள் ஒன்று.

தொழில் சார்ந்து ஒரு குறிப்பு. வூகாமர்ஸில் கடை வைத்திருப்பவர்கள் `Hide out of stock items from the catalog` என்ற அமைப்பைப் பாருங்கள். அது இயக்கத்தில் இருந்தால் தீர்ந்துபோன நிறம் தேர்வுப் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். அரக்கைத் தேடி வருபவருக்கு அப்படி ஒரு நிறம் இருந்ததே தெரியாது. நீங்கள் எழுதிய அறிவிப்பை யாரும் படிக்கவும் மாட்டார்கள். இந்த அமைப்பை நிறுத்தாமல் வாசகத்தைத் திருத்தித் தரச் சொல்லாதீர்கள்.

அடுத்தது பொத்தான். அக்காவின் பக்கத்தில் 'பதிவு செய்க' என்று இருந்தது. எதற்குப் பதிவு? பணம் கட்ட வேண்டுமா? நம்பரைக் கொடுத்தால் தினமும் விளம்பரம் வருமா? பதில் இல்லை. பொத்தானை 'வந்ததும் சொல்லுங்கள்' என்று மாற்றினோம். அதன் கீழே சிறிய எழுத்தில்: "பணம் வேண்டாம். சேலை வந்தாலோ தேதி மாறினாலோ மட்டும் வாட்ஸ்அப்பில் தகவல் வரும். பதிவு செய்த வரிசையில் சொல்வோம். உங்கள் முறை வந்ததும் 48 மணி நேரம் எடுத்து வைப்போம்." தயவுசெய்து இதை எழுதிவிட்டு அந்த நம்பர்களுக்குத் தீபாவளித் தள்ளுபடி அனுப்பாதீர்கள். எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தார்களோ அதற்கு மட்டும்தான் அந்த நம்பர் உங்களுடையது.

இப்போது அந்த 55 பேர். எட்டுச் சேலைக்காக 63 பேரையும் ஒரே நேரத்தில் அழைத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஆறு வாரம் காத்திருந்தவர், பஸ்ஸில் போகும்போது தகவலைப் பார்க்கிறார், இறங்கியதும் திறக்கிறார், மறுபடியும் 'இருப்பு இல்லை'. முதல் முறை இல்லை என்றால் ஏமாற்றம். கூப்பிட்டுவிட்டு இல்லை என்றால் அவமதிப்பு. கோபமாக எழுதாதவர்கள் இனி வரமாட்டார்கள்.

முதலில் அவர்களுக்கு நடந்ததை அப்படியே சொல்லி, இன்னும் வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். 31 பேர் பதில் தந்தார்கள். வேண்டும் என்றவர்கள் 22 பேர். அறிவிப்பில் இருந்த 55ஐ அன்றே 22 என்று மாற்றினோம். ஒரு பாவுக்கு எட்டு என்றால் 22 பேருக்கு மூன்று பாவு. இந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான், இன்னொரு தறியிலும் அதே நிறத்தை ஏற்றலாமா என்று நெசவாளரிடம் அக்காவால் பேச முடிந்தது. நம்பர்களைக் குவித்து வைத்திருந்தபோது அவருக்கே தேவை எவ்வளவு என்று தெரியவில்லை.

ஜனவரி 4 அன்று ஆறு சேலைகள்தான் நெய்தாகியிருந்தன. அக்கா இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். கூடாது என்றேன். சொன்ன நாள் கடந்த பிறகு வரும் விளக்கம் சாக்குப்போக்காகத்தான் தெரியும். அதற்கு முதல் நாள் வந்தால் அது தகவல். அன்று மாலையே அனுப்பினோம்: "5ஆம் தேதி வரும் என்று சொல்லியிருந்தோம். ஆறு சேலைகள் தயார், மீதி இரண்டு சேலைகள் இன்னும் தறியில் இருக்கின்றன. உங்கள் சேலையை 9ஆம் தேதி காட்டுவோம். பொங்கலுக்குள் கைக்கு வர வேண்டும் என்றால் பச்சை நிறத்தை நாளையே அனுப்ப முடியும்." ஒருவர் பச்சைக்கு மாறினார். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

எட்டுச் சேலைகளும் வந்ததும் பக்கத்தில் இருப்பைத் திறக்கவில்லை. இதைப் பலர் தவறவிடுகிறார்கள். திறந்தால் வரிசையில் இல்லாத யாரோ வழியில் வந்து வாங்கிவிடுவார். 48 மணி நேரம் எடுத்து வைப்போம் என்று எழுதிய வார்த்தை பொய்யாகிவிடும். பக்கத்தில் 'தீர்ந்துவிட்டது' அப்படியே இருக்க, வரிசையின் முதல் எட்டுப் பேருக்கு மட்டும் தனித்தனியாகப் பணம் கட்டும் இணைப்பை அனுப்பினோம். ஆறு பேர் வாங்கினார்கள். மீதி இரண்டு அடுத்த இருவருக்குப் போயின. விலை 80 ரூபாய் கூடியிருந்ததைத் தகவலின் முதல் வரியிலேயே சொன்னோம். பணம் கட்டும் இடத்தில் போய்த் தெரிந்துகொள்ள விடக்கூடாது.

எஸ்எம்எஸ் வழியாகச் சொல்பவர்கள் கவனிக்க: நம் நாட்டில் வணிக எஸ்எம்எஸ் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், மாறும் பகுதிக்கு மட்டும் இடம் விடலாம். 'விரைவில்' என்று பதிவு செய்துவிட்டால் பிறகு தேதி சொல்ல வழியில்லை, மறுபடி பதிவு செய்ய வேண்டியதுதான். தாமதத் தகவலுக்கும் ஒரு வாசகத்தை முதல் நாளே பதிவு செய்து வையுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. அக்காவின் கடையில் ஒரு நீல நிறத்துக்கும் 'விரைவில் வரும்' இருந்தது. அந்தச் சாயத்தைப் போட்டுக்கொடுத்தவர் தொழிலை நிறுத்தி ஓராண்டாகிறது. அது அக்காவுக்குத் தெரியும், காத்திருந்த 14 பேருக்குத் தெரியாது. "இந்த நீலம் இனி வராது. சாயம் போட்டவர் தொழிலை நிறுத்திவிட்டார். இதே கரையில் இருக்கும் மற்ற நிறங்களின் படம் வேண்டுமானால் பதில் எழுதுங்கள், இல்லையென்றால் உங்கள் நம்பரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம்" என்று அனுப்பினோம். மூன்று பேர் படம் கேட்டார்கள். ஒருவர், இதை முன்பே சொல்லியிருக்கலாம் என்று எழுதினார். மற்ற பத்துப் பேரிடமிருந்து பதில் இல்லை. அவர்களுடைய நம்பர்களை அக்கா ஒரு வாரம் பார்த்துவிட்டு அழித்தார்.