இரண்டு லைன், ஒரே பள்ளம்

"ரெண்டு கம்பெனி லைன் இருக்கு சார், ரெண்டும் ஒண்ணா படுத்துடுச்சு." சென்னை ஓ.எம்.ஆரில் எங்காவது ஜேசிபி இறங்கினால் இன்டர்நெட் லைன் பற்றி இந்தப் புகார் வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இன்னும் அதிகம். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதால்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

ஒரு லைனின் அப்டைம், அதாவது அது வேலை செய்யும் நேரத்தின் பங்கு, 99.5% என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் 8,760 மணி நேரத்தில் 0.5% என்றால் சுமார் 44 மணி நேரம் லைன் இருக்காது. அந்த ஃபைபர் லைன், அதை ரவுட்டருக்கு ஏற்றபடி மாற்றும் மீடியா கன்வெர்ட்டர், பிறகு ரவுட்டர் என்று தலா 99.9% உள்ள இரண்டு கருவிகள் வழியாக வந்தால் அது தொடர் இணைப்பு. மூன்றையும் பெருக்க வேண்டும்: 0.995 × 0.999 × 0.999 = 0.993. அதாவது 99.3%, சுமார் 61 மணி நேரம். மிக மோசமான கண்ணியைவிடவும் மொத்தம் மோசமாகத்தான் இருக்கும்.

ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும் பக்க இணைப்பில் அப்டைமை அல்ல, பழுதாகும் பங்கைப் பெருக்க வேண்டும். 99.5% லைன் இரண்டு: 0.005 × 0.005 = 0.000025. அப்டைம் 99.9975%, ஆண்டுக்கு 13 நிமிடம்தான் போகும். விற்பவர் காட்டுவதும் இதைத்தான்.

ஆனால் இரண்டு பழுதுக்கும் தொடர்பே இல்லாதபோதுதான் இப்படிப் பெருக்கலாம். பில் இரண்டு கம்பெனியிலிருந்து வருகிறது என்பதற்காகக் கேபிள் இரண்டு வழியில் வருவதாக ஆகிவிடாது. தெருமுனையிலிருந்து உங்கள் கட்டடம் வரை இரண்டும் ஒரே குழாயில் வரலாம். அந்த 0.5% பழுதில் 0.3% அந்தப் பொதுப் பகுதியில் நடக்கிறது என்று கொள்ளுங்கள். மீதி வழியில் ஒவ்வொரு லைனும் 99.8%, பக்க இணைப்பில் அது 99.9996% ஆகிறது. ஆனால் பொதுக் குழாய் இதற்குத் தொடரில் நிற்கிறது: 0.999996 × 0.997 = 0.997. ஆண்டுக்கு 26 மணி நேரம்! 13 நிமிடம் என்று நம்பி இரட்டைப் பணம் கட்டியவருக்குக் கிடைப்பது இதுதான்.

டேட்டா எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட்டில் இதைப் பார்க்க முடியாது. மண்ணுக்கடியில் உள்ள குழாய் அதில் தெரியாது. பழைய புகார் டிக்கெட்டுகளை எடுத்து, இரண்டு லைனும் விழுந்த நேரத்தை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே நிமிடத்தில் விழுந்து மணிக்கணக்கில் கிடந்திருந்தால், வழி ஒன்றாக இருக்கலாம். அல்லது இரண்டின் கருவிகளும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

தயவுசெய்து கையெழுத்துப் போடும் முன்பே கடைசி ஒரு கிலோமீட்டரின் வழி வரைபடத்தை இரு கம்பெனியிடமும் எழுத்தில் கேளுங்கள். ஒன்று முன்வாசல் வழியாக வந்தால் மற்றது பின்பக்கமாக வரட்டும். அது முடியாத கட்டடத்தில் இரண்டாவது லைனை மொட்டைமாடி ரேடியோவாக எடுங்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்; அதற்குக் கீழே போனால் பில்லில் பணம் கழிப்பார்கள், அவ்வளவுதான்.

வழியைப் பிரித்தாலும் 99.9% ரவுட்டர் ஒன்றே ஒன்று தொடரில் நின்றால் மொத்தம் 99.8975%தான், ஆண்டுக்கு சுமார் 9 மணி நேரம். அந்த ரவுட்டர் போர்ட் விளக்கை மட்டும் பார்த்து லைன் மாற்றுவதாக இருந்தால், தெருவில் கேபிள் அறுந்தாலும் மாறாமலே இருக்கலாம். கன்வெர்ட்டர் வரை இணைப்பு நன்றாக இருப்பதால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். வெளியே ஒரு முகவரிக்கு பிங் அனுப்பி, பதில் வராவிட்டால் மாறும்படி அமையுங்கள். அமைத்த பிறகு, கன்வெர்ட்டருக்குள் வரும் ஃபைபரையே மாதம் ஒருமுறை கழற்றி, மாறுகிறதா என்று பாருங்கள்.