போட்ட பணத்தோடு முடிந்துவிடாது: ஷார்ட் செல்லிங்கில் மேற்கொண்டு ஏறும் கடன்

“நான் போட்டதே 25,000 தானே சார்? அது போனால் போகட்டும், எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் 20,000 கட்டு என்றால் என்ன நியாயம்?”

பங்குத் தரகு நிறுவனம் ஒன்றில் மார்ஜின் கணக்குகளைக் கண்காணிக்கும் பிரிவில் பணியாற்றுகிறேன். சில மாதங்களுக்குள் மூன்றாவது முறையாக இதே கேள்வியைத் தொலைபேசியில் கேட்டதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கேட்டவர் பல ஆண்டுகளாகப் பங்கு வாங்கி விற்பவர், கணக்கு வழக்கில் கவனமானவர். பங்கை வாங்கும்போது பொருந்துகிற ஒரு விதி, இல்லாத பங்கை விற்கும்போதும் பொருந்தும் என்று நம்பியதுதான் அவர் செய்த பிழை.

பங்கை வாங்குபவர் அதன் முழு விலையையும் கொடுத்துவிடுகிறார். நிறுவனம் மூடப்பட்டாலும் விலை பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது என்பதால், கொடுத்த பணமே அவருடைய இழப்பின் எல்லை. ஷார்ட் போகிறவரோ பங்கை இரவல் வாங்கி விற்கிறார். இரவல் வாங்கியது 500 பங்குகள் என்றால், திருப்பித் தர வேண்டியதும் 500 பங்குகளே. திருப்பித் தரும் நாளில் அவற்றைச் சந்தையில் வாங்க எவ்வளவு ஆகிறதோ, அதுதான் அவருடைய கடன். நாங்கள் மார்ஜின் என்று பெற்றுக்கொள்ளும் தொகை அந்தக் கடனுக்கு வைக்கும் ஈடு மட்டுமே; அதை “முதலீடு” என்று நினைப்பதிலிருந்துதான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. ஈட்டின் மதிப்போடு கடனும் முடிந்துவிடும் என்று அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. (ஐரோப்பிய ஒன்றியத்தில், பங்கைக் கைமாற்றாமல் அதன் விலை மாற்றத்தின் மீது மட்டும் ஒப்பந்தம் செய்யும் சி.எஃப்.டி. வர்த்தகத்தில் ஈடுபடும் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு, கணக்கில் உள்ள பணத்துக்கு மேல் இழப்பு போகாத பாதுகாப்பு 2018 முதல் உண்டு. அதைப் படித்துவிட்டு, பங்கை இரவல் வாங்கி விற்பவருக்கும் அது பொருந்தும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். பொருந்தாது.)

அவருடைய கணக்கையே படிப்படியாகப் பார்ப்போம். ஒரு பங்கு 100 என்ற விலையில் 500 பங்குகளை விற்றார். விற்ற பணம் 50,000, அவர் வைத்த மார்ஜின் 25,000, ஆகக் கணக்கில் 75,000 இருந்தது. இந்த 75,000-ஐப் பார்த்துத்தான் பலரும் தெம்பாக இருக்கிறார்கள். ஆனால் அதில் 50,000 இரவல் பங்கை விற்று வந்த பணம். பங்கைத் திரும்ப வாங்கும்வரை அது அவருடையது அன்று.

விலை 110 ஆனபோது பங்குக் கடன் 55,000 ஆயிற்று. 75,000-இலிருந்து அதைக் கழித்தால் அவருடைய சொந்தப் பணம் 20,000. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் கடன் அவருடைய சொந்தப் பணத்தைப் போல் இரண்டு மடங்காக இருந்தது. விலை 10 சதவீதம் ஏறிய உடனே இரண்டே முக்கால் மடங்கு ஆகிவிட்டது. வாங்கி வைத்த பங்கின் விலை இறங்கினால், அடுத்த இறக்கத்தில் இழப்பதற்கு மிஞ்சும் தொகையும் குறைந்துகொண்டே போகும். ஷார்ட்டில் இது தலைகீழ்: கணிப்பு தவறத் தவறக் கடன் பெருக்கிறது, அதைத் தாங்கும் பணம் சுருங்குகிறது. சந்தை மதிப்பில் 30 சதவீதமாவது சொந்தப் பணம் இருக்க வேண்டும் என்பது அந்தக் கணக்குக்கான விதி. விலை 115-ஐத் தாண்டிய சிறிது நேரத்திலேயே அந்த வரம்பு உடைந்து, கூடுதல் மார்ஜின் கேட்டு எங்களிடமிருந்து அழைப்பு போயிருக்கும்.

ஆனால் அழைப்பதற்கு நேரமே கிடைக்கவில்லை. ஒரு நாள் மாலை விலை 108-இல் முடிந்தது. அன்றிரவு, அந்த நிறுவனத்தை முழுவதுமாகக் கையகப்படுத்த வேறொரு நிறுவனம் முன்வந்திருப்பதாக அறிவிப்பு வெளியானது. மறுநாள் காலை முதல் வர்த்தகமே 190-இல் நடந்தது. 500 பங்குகளையும் திரும்ப வாங்க 95,000 ஆயிற்று. கணக்கில் இருந்தது 75,000, பற்றாக்குறை 20,000. வைத்தது 25,000, இழந்தது 45,000.

“நான் 112-இல் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேனே!” என்றார். என்னை மிகவும் வருத்துவது இந்த நம்பிக்கைதான், ஆகவே பொறுமையாகவே சொல்கிறேன். ஸ்டாப் லாஸ் என்பது 112-இல் வாங்கித் தருவதாக யாரும் கொடுத்த வாக்குறுதி அன்று. விலை 112-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, சந்தையில் கிடைக்கிற விலைக்கு வாங்கு என்ற ஆணைதான் அது. 108-க்கும் 190-க்கும் இடையில் ஒரு பங்குகூடக் கைமாறாத நிலையில், அந்த ஆணை 190-இல்தான் நிறைவேற முடியும். 112-க்கு மேல் வாங்காதே என்று உச்ச விலை சேர்த்துப் போட்டிருந்தால் ஆணை நிறைவேறாமலே நின்றிருக்கும், கடன் அப்படியே தொடர்ந்திருக்கும். சந்தை மூடியிருக்கும் நேரத்தில் ஸ்டாப் லாஸ் உங்களைக் காப்பாற்றாது.

பெரிய நிதி நிறுவனங்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2008 அக்டோபர் 26 அன்று, ஞாயிற்றுக்கிழமை, ஃபோக்ஸ்வாகன் பங்குகளில் 42.6 சதவீதம் தன்னிடம் இருப்பதாகவும், மேலும் 31.5 சதவீதத்துக்கு, விலையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் வைத்திருப்பதாகவும் போர்ஷே அறிவித்தது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநில அரசிடம் ஏறத்தாழ 20 சதவீதம் இருந்தது. ஆக, சந்தையில் வாங்கக் கிடைத்தது 6 சதவீதம் அளவே. ஷார்ட் போனவர்கள் திருப்பித் தர வேண்டிய பங்குகளோ அதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வெள்ளிக்கிழமை 210 யூரோ அளவில் முடிந்த பங்கு, செவ்வாய்க்கிழமை வர்த்தகத்தின் நடுவே 1,000 யூரோவைத் தாண்டியது. விலை அநியாயம் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் வாங்கியே தீர வேண்டியிருந்தது. அவர்கள் வாங்க வாங்க விலை இன்னும் ஏறியது.

ஆகவே சொல்கிறேன். எவ்வளவு மார்ஜின் கேட்கிறார்கள் என்று பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். விலை ஒரே இரவில் இரட்டித்தால் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் பங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். புழக்கத்தில் உள்ள பங்குகளில் எத்தனை சதவீதம் ஏற்கெனவே ஷார்ட்டில் இருக்கிறது என்று தெரியாமல் இறங்காதீர்கள். காலாண்டு முடிவு வரும் நாளுக்கு முந்தைய இரவில் ஷார்ட்டை வைத்துக்கொண்டு தூங்கப் போகாதீர்கள். இரவல் கட்டணமும், இடையில் அறிவிக்கப்படும் டிவிடெண்டும் உங்கள் கையிலிருந்துதான் போகும் என்பதையும், பங்கைக் கொடுத்தவர் திருப்பிக் கேட்டால் உங்களுக்கு வசதியான நாள்வரை காத்திருக்க மாட்டார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரவு தாண்டியும் ஷார்ட்டை வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், அதே பங்குக்கு, அதே எண்ணிக்கைக்கு ஒரு கால் ஆப்ஷன் வாங்கி வையுங்கள். 120 என்ற விலையில் வாங்கும் உரிமை அவரிடம் இருந்திருந்தால், சந்தை 190-இல் திறந்தாலும் 120-க்கு வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்கலாம். 10,000-உம் ஆப்ஷனுக்குக் கொடுத்த பிரீமியமுமே இழப்பாக இருந்திருக்கும். அந்தப் பிரீமியம் வீண் செலவு என்று விற்கும் முன்பு அவரே என்னிடம் சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டும்.