பெயர் தெரியாதவரை எப்படி விளிப்பது? ஐயா, அம்மையீர், அன்புடையீர்

அலுவலகக் கடிதம் எழுதும்போது பலர் தடுமாறும் இடம் இரண்டாவது வரிதான். பெறுநர் முகவரி எழுதியாகிவிட்டது. அடுத்து விளிக்க வேண்டும். எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா தெரியாது, ஒருவரா பலரா என்பதும் தெரியாது. ஆங்கிலத்தில் இதற்கு 'டியர் சர் ஆர் மேடம்' என்றும், 'டு ஹூம் இட் மே கன்சர்ன்' என்றும் இரண்டு பழைய வழிகள் உண்டு. நாம் அந்த இரண்டையும் தமிழாக்கிப் பயன்படுத்தி வருகிறோம். ஆனால் தமிழிலேயே இதைவிடப் பொருத்தமான வழி பல நூற்றாண்டுகளாக இருக்கிறது.

முதலில் ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம். 'சர்' என்பது பழைய பிரெஞ்சின் 'சைர்' வழியாக வந்தது. அதன் வேர் மூத்தவர் என்று பொருள்படும் 'சீனியர்' என்ற இலத்தீன் சொல். 'மேடம்' என்பது 'மா டாம்', அதாவது 'என் தலைவி'. இரண்டும் முதலில் தன்னைவிட உயர்ந்த ஒருவரை நேருக்கு நேர் நின்று அழைத்த சொற்கள். முகம் தெரியாத ஆளுக்கு எழுதும் கடிதத்தில் அவை ஏறியது பின்னால்தான். அதனால்தான் 'ஆர்' என்று ஒட்டுப் போட்டு இரண்டையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

நம் 'ஐயா'வும் அப்படித்தான். 'ஐ' என்றால் தலைமை, வியப்பு; 'ஐ வியப்பாகும்' என்கிறது தொல்காப்பியம். ஐ உடையவன் ஐயன். 'அன்' என்று முடியும் பெயரை அழைக்கும்போது அது 'ஆ' ஆகும் என்பது விளி இலக்கணம். எனவே ஐயன் 'ஐயா' ஆனது. 'ஐயா' என்று எழுதினால் ஓர் ஆணை, அதுவும் ஒரே ஒருவரை, அழைத்துவிட்டோம் என்று பொருள். பெண்பாலுக்கு 'ஐயை' என்ற சொல்லும் இருந்தது. சிலப்பதிகாரத்தில் கொற்றவைக்கும் அந்தப் பெயர், மாதரியின் மகளுக்கும் அந்தப் பெயர். ஆனால் அது கடிதத்துக்கு வந்து சேரவில்லை. பெண் அதிகாரிக்கு எழுதும்போது 'அம்மா' என்றோ 'அம்மையீர்' என்றோ எழுதுகிறோம். இலங்கை அலுவலகக் கடிதங்களில் 'ஐயா/அம்மணி' என்று பார்க்கலாம்.

'ஐயா/அம்மையீர்' என்ற சோடியில் ஒரு சின்ன கோணல் உண்டு. 'ஐயா' ஒருமை விளி. 'அம்மையீர்' என்பது அம்மையார் என்ற மரியாதைப் பன்மையின் விளி. ஒரே கோட்டின் இரு புறமும் இரண்டு அளவில் மரியாதை நிற்கிறது. இதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை, பழகிவிட்டது. ஆனால் நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடு வேறு. பொருந்தாததை அடித்துவிடவும் என்று அச்சிட்ட படிவத்தில் அது இருக்கலாம். நாமே தட்டச்சு செய்யும் கடிதத்தில் அது, எழுதியவர் பாதியில் விட்டுப்போன வேலையாகத்தான் தெரியும்.

தமிழ் வழி என்று சொன்னது 'அம்மையீர்' என்பதன் கடைசியிலேயே இருக்கிறது. அந்த 'ஈர்'. தொல்காப்பியத்தின் விளிமரபில் 'ஆரும் அருவும் ஈரொடு சிவணும்' என்று ஒரு நூற்பா வருகிறது. 'ஆர்', 'அர்' என்று முடியும் பெயர்களை அழைக்கும்போது அந்த முடிவு 'ஈர்' என்று மாறும் என்பது அதன் பொருள். கூத்தர் என்பது 'கூத்தீர்' ஆகும் என்று உரைக்காரர்கள் எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். 'அர்', 'ஆர்' என்பவை பலர்பால் ஈறுகள். அவற்றில் ஆணும் அடங்கும், பெண்ணும் அடங்கும். பன்மையாகவும் இருக்கும், மரியாதை காரணமாக ஒருவரையும் குறிக்கும். அப்படியென்றால் 'ஈர்' என்று முடியும் விளி நம் மூன்று சிக்கலையும் ஒருசேரத் தீர்த்துவிடுகிறது: பால் தெரிய வேண்டாம், எண்ணிக்கை தெரிய வேண்டாம், மரியாதையும் குறையாது.

இந்த வாய்பாட்டில் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல் 'அன்புடையீர்'. 'அன்புடையார் என்பும் உரியர் பிறர்க்கு' என்ற குறளில் வரும் அன்புடையாரை அழைத்தால் வருவது அதுதான். கல்யாணப் பத்திரிகையில் மாமா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், மேலதிகாரி என எல்லாருக்கும் ஒரே அச்சில் போக வேண்டும். யார் பிரித்துப் படிப்பார் என்று தெரியாது. அதற்கு நம் முன்னோர் தேர்ந்த சொல் இது. அதே காரணத்தால் இதில் ஒரு தடையும் இருக்கிறது. மஞ்சள் தடவிய அழைப்பிதழின் மணம் இதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சங்கக் கூட்ட அழைப்பு, வாடிக்கையாளருக்கு அறிவிப்பு, இதழாசிரியர் குழுவுக்குக் கடிதம் ஆகியவற்றில் இயல்பாக இருக்கும். காவல் நிலையத்துக்குப் புகாரோ, பணம் கட்டாத நிறுவனத்துக்கு அறிவிப்போ எழுதும்போது 'அன்புடையீர்' என்று தொடங்கினால் கடிதத்தின் குரலும் விளியும் வேறு வேறு பக்கம் இழுக்கும்.

அங்கே 'மதிப்பிற்குரியீர்' நன்றாக உட்காரும். மதிப்பிற்குரியார் என்பதன் விளி அது. 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதன் பாதியை வெட்டிய வடிவம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள், அப்படியில்லை. முழுச் சொல்தான்.

இப்போது ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 6(1) பிரிவில் ஒரு மனு எழுதுகிறீர்கள். உங்கள் தெருவின் புறம்போக்கு நிலம் பற்றி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். அங்கே பொதுத் தகவல் அலுவலர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அடுத்த மாதம் அவர் இடம் மாறியிருக்கலாம். அப்புறம், அந்தத் தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 6(3) பிரிவின்படி மனுவை 5 நாளுக்குள் அங்கே அனுப்பிவிட வேண்டும். ஆக, நீங்கள் மனதில் வைத்து எழுதிய ஆள் அதைப் படிக்காமலே போகலாம். இதில் 'ஐயா' என்று தொடங்குவது ஒரு ஊகம், அவ்வளவுதான். இப்படி எழுதலாம்:

பெறுநர்
பொதுத் தகவல் அலுவலர்,
வட்டாட்சியர் அலுவலகம்,
(ஊர், அஞ்சல் குறியீட்டு எண்)

மதிப்பிற்குரியீர்,

பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ்த் தகவல் கோருதல்.

வணக்கம். கீழ்க்காணும் தகவல்களைத் தங்கள் அலுவலக ஆவணங்களிலிருந்து அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதில் ஆளின் இடத்தைப் பதவிப் பெயர் பிடித்துக்கொள்கிறது. அலுவலர், ஆட்சியர், ஆணையர், செயலாளர், மேலாளர், முதல்வர் என்று தமிழில் இன்று வழங்கும் பதவிப் பெயர்கள் பெரும்பாலும் பலர்பாலில் முடிகின்றன. 'பெறுநர்', 'அனுப்புநர்' என்பவையும் அப்படியே. ஓட்டுநர், இயக்குநர், ஆளுநர் போல, வேலையைச் செய்பவரைக் குறிக்கும் 'நர்' அதில் இருக்கிறது. அதனால்தான் 'அனுப்புனர்' என்று றன்னகரம் போட்டு எழுதுவது பிழை.

விளியைச் சரியாக எழுதிவிட்டு உள்ளே தவறுவதும் நடக்கிறது. 'மதிப்பிற்குரியீர்' என்று தொடங்கி, மூன்றாவது பத்தியில் 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்று எழுதிவிடுவார்கள். பழைய மாதிரிக் கடிதத்திலிருந்து எடுத்து ஒட்டியது அங்கே தெரிந்துவிடும். அனுப்புவதற்கு முன் கடிதத்தில் 'ஐயா' என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். தாங்கள், தங்கள் என்பவற்றில் பால் இல்லை, கடிதம் முழுக்க அவையே போதும்.

மின்னஞ்சலில் இவ்வளவு சடங்கு வேண்டாம் என்றால் 'வணக்கம்' என்று மட்டும் தொடங்கலாம். அது யாரையும் விளிக்கவில்லை, வாழ்த்த மட்டும் செய்கிறது. வாடிக்கையாளர் சேவைக்கோ, வேலை விண்ணப்பத்துக்கோ எழுதும்போது நான் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

'டு ஹூம் இட் மே கன்சர்ன்' இவற்றோடு சேராது. அதை விளி என்று நினைத்துத்தான் பலரும் கடிதத்தின் தொடக்கத்தில் வைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு தலைப்பு. நீங்கள் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு விலகும்போது பணி அனுபவச் சான்று தருகிறார்கள். அதை நீங்கள் நாளை ஒரு நிறுவனத்தில் காட்டலாம், வங்கியில் காட்டலாம், தூதரகத்தில் காட்டலாம். எழுதுபவர் யாரோடும் பேசவில்லை, ஒரு செய்தியை உறுதி செய்து கையெழுத்திட்டு உங்கள் கையில் கொடுக்கிறார். இந்தியாவில் இதையே 'ஹூம்சோஎவர்' என்று நீட்டி, பெரிய எழுத்தில், அடிக்கோடிட்டு, தாளின் நடுவில் எழுதுவது வழக்கம். அந்த வழக்கமே அது தலைப்பு என்பதைக் காட்டுகிறது.

இதைத் தமிழாக்கும்போது 'கன்சர்ன்' என்பதைக் கவலை என்று எடுத்துக்கொண்டால் கதை கெட்டது. இங்கே அதற்குத் தொடர்பு என்றுதான் பொருள். 'சம்பந்தப்பட்டவர்களுக்கு' என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் ஏதோ வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் என்பது போல ஒரு சாயல் அதில் ஏறிவிட்டது. 'தொடர்புடையவர்களுக்கு' பரவாயில்லை. 'உரியவர்க்கு' என்பது இன்னும் சுருக்கம், பழந்தமிழ் நடையிலும் பொருந்தும். ஆனால் பெரும்பாலான சான்றுகளுக்கு அதுவும் தேவையில்லை. 'பணி அனுபவச் சான்று' என்று தலைப்பிட்டு, 'இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்கள் நிறுவனத்தில் கணக்காளராகப் பணியாற்றினார் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று தொடங்கினால் முடிந்தது. அதில் தாங்கள், தங்கள் வரவே கூடாது. 'இவரைத் தாங்கள் பணியில் அமர்த்திக்கொள்ளலாம்' என்று ஒரு வரி வந்தால், அது சான்று என்ற நிலையிலிருந்து பரிந்துரைக் கடிதமாக மாறிவிடுகிறது. பரிந்துரைக் கடிதம் என்றால் விளி வேண்டும்.

முகம் தெரியாதவரை நோக்கி எழுதும் பழக்கம் நம் கல்வெட்டுகளிலும் உண்டு. கோயிலுக்கு நிலமோ விளக்கோ கொடுத்ததைப் பொறித்துவிட்டு, முடிவில் 'இது பன்மாகேசுவரர் இரட்சை' என்று எழுதியிருப்பார்கள். இனி வரப்போகும் சிவனடியார் எல்லாரும் இதைக் காக்க வேண்டும் என்று பொருள். அங்கேயும் பலர்பால்தான் வந்திருக்கிறது.

கடைசியாக, பெயர் தெரிந்தும் ஆள் தெரியாத நிலை. தமிழ்நாட்டில் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுவதால் இது அடிக்கடி வரும். 'க. மணி', 'ச. ஜோதி' என்ற பெயர்களுக்கு முன்னால் திரு என்று போடுவதா, திருமதி என்று போடுவதா? திருமதி என்றால் மணமானவர் என்று வேறு முடிவு கட்ட வேண்டும். இரண்டும் வேண்டாம். 'ச. ஜோதி அவர்களுக்கு, வணக்கம்' என்று எழுதுங்கள். 'அவர்கள்' எல்லாருக்கும் பொதுவான மரியாதை. பதில் வரும்போது அவர் தன்னை எப்படிக் குறித்திருக்கிறார் என்று பார்த்து, அடுத்த கடிதத்தில் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.