நைலான் பட்டையைப் பார்த்தீர்களா?

திருப்பூரில் துணிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன சீசனில் ஒரு நேவி புளூ லாட் வந்தது. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த பி.சி. நிட் துணி, டிராக் பேன்ட்டுக்குப் போவது. பக்கவாட்டில் வெள்ளை நைலான் டேப் வைத்துத் தைப்பார்கள். வாஷிங் ரிப்போர்ட்டில் ஃபெயில் போட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் சாயப்பட்டறை மாஸ்டர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஏனுங்க சார், காட்டன்ல நாலரை வந்திருக்குது, ஷேடும் நாலரை. அப்புறம் எப்படிங்க ஃபெயிலு?"

அவர் சொன்ன இரண்டு எண்ணும் ரிப்போர்ட்டில் இருந்தவைதான். ஆனால் அவர் படிக்காத வரி ஒன்று இருந்தது.

சோதனை எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ISO 105-C06 முறையில் A2S என்று ஒரு வகை. 10-க்கு 4 சென்டிமீட்டர் துணித்துண்டை அதே அளவுள்ள மல்டிஃபைபர் துணியோடு ஓரத்தில் சேர்த்துத் தைத்து, 150 மில்லி சோப்புக் கரைசலும் 10 ஸ்டீல் குண்டுகளும் உள்ள டப்பாவில் போட்டு, 40 டிகிரியில் 30 நிமிடம் சுழல விடுவோம். மல்டிஃபைபர் என்பது ஆறு வெள்ளைப் பட்டைகள் பக்கம் பக்கமாக நெய்யப்பட்ட துணி: அசிடேட், பருத்தி, நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக், கம்பளி. அலசிக் காய வைக்கும்போது தையலைத் தவிர வேறெங்கும் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஈரத்தோடு மடித்து வைத்தால் துவைப்பதில் ஏறாத கறை காய்வதில் ஏறிவிடும்.

காய்ந்த பிறகு இரண்டு கேள்விகள். துணியின் நிறம் எவ்வளவு மாறியது? பக்கத்து வெள்ளையில் எவ்வளவு ஏறியது? இரண்டுக்கும் ஒப்பிட்டுப் பார்க்கத் தனித்தனி கிரே ஸ்கேல் கார்டு உண்டு. நிற மாற்ற ஸ்கேலில் சாம்பலும் சாம்பலும் ஜோடியாக இருக்கும். கறை ஸ்கேலில் வெள்ளையும் சாம்பலும். 5 என்றால் வித்தியாசமே இல்லை, 1 என்றால் மோசம். நடுவில் 4-5, 3-4 என்று அரைப்படிகளோடு மொத்தம் ஒன்பது படி. 3-4 என்று எழுதினால் மூன்றா நான்கா என்று சந்தேகப்பட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அதற்கென்றே கார்டில் ஒரு ஜோடி இருக்கிறது.

இரண்டு கார்டும் பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருக்கும். ஆனால் படிகளின் அகலம் வேறு. நிற மாற்ற ஸ்கேலில் 4-ஆம் படி என்பது கருவியில் அளந்தால் சுமார் 1.7 அலகு வித்தியாசம். கறை ஸ்கேலில் அதே 4 சுமார் 4.3 அலகு. எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு வாரம் கறையையும் நிற மாற்ற கார்டை வைத்தே பார்த்துவிட்டான். 4 வாங்க வேண்டிய கறைக்கெல்லாம் 2-3, 3 என்று விழுந்தது. வந்த லாட்டெல்லாம் ஃபெயிலாக, கடைசியில் என்னடா என்று பார்த்தால் கார்டு மாறியிருக்கிறது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டையும் ஒரே உறையில் போட்டு வைத்திருந்தது நான்தான்.

பார்ப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். பகல் வெளிச்சம் போன்ற D65 விளக்குப் பெட்டிக்குள், சாம்பல் நிறப் பின்னணியில், துவைக்காத துண்டையும் துவைத்த துண்டையும் ஒரே வாக்கில் ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். ஒன்று நீளவாக்கிலும் மற்றது குறுக்குவாக்கிலும் இருந்தால் நிட் துணியில் ஷேடே வேறாகத் தெரியும். மெல்லிய துணியானால் இரண்டு மடிப்பாக. கறைக்குப் பட்டை பட்டையாக, பயன்படுத்தாத மல்டிஃபைபரில் உள்ள அதே பட்டையோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் கம்பளிப் பட்டையின் வெள்ளையும் பருத்திப் பட்டையின் வெள்ளையும் ஒன்றல்ல. ஜன்னலோரம் போய்ப் பார்த்துவிட்டு "நாலு சார்" என்றால் நான் ஏற்பதில்லை.

சரி, மாஸ்டரின் லாட்டுக்கு வருவோம். பருத்தி 4-5, அக்ரிலிக் 4-5, பாலியஸ்டர் 4, கம்பளி 3-4, அசிடேட் 3. நைலான் 2-3. அந்த ஆர்டரில் எந்தப் பட்டையிலும் 4-க்குக் குறையக் கூடாது. சராசரி எடுக்கும் பழக்கம் இதில் கிடையாது. மோசமான பட்டை எதுவோ அதுதான் முடிவு. தவிர, துணியின் பக்கத்தில் வரப்போவதே வெள்ளை நைலான் டேப்.

எந்தப் பட்டையில் ஏறியது என்பதை வைத்து எந்தச் சாயம் கழன்றது என்றும் ஊகிக்கலாம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் சரியாக அலசப்படாமல் தங்கியிருந்தால் கறை பெரும்பாலும் பருத்திப் பட்டையில் தெரியும். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் கழன்றால் முதலில் நைலானும் அசிடேட்டும் வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் பட்டை அவ்வளவாக வாங்காது. அதற்குள் டிஸ்பர்ஸ் சாயம் நுழைய 40 டிகிரி போதாது. இங்கே பருத்தி சுத்தம், நைலான் நீலம். ஆக, குற்றவாளி டிஸ்பர்ஸ்.

மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. பாலியஸ்டர் சாயம் முடிந்ததும், இழையின் மேல் ஒட்டி நிற்கும் சாயத்தைக் கழற்ற, காஸ்டிக்கும் ஹைட்ரோசும் போட்டு ரிடக்‌ஷன் கிளியரிங் செய்ததாகச் சொன்னார். தன் கையிலிருந்த இன்னொரு ரிப்போர்ட்டையும் காட்டினார். அதே லாட், நைலானில் 4. அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் துண்டு எப்போது வெட்டியது என்று கேட்டேன். துணியை அகலம் பிடித்துச் சூட்டில் ஓட்டும் ஸ்டென்டர் இயந்திரத்துக்கு முன்னால் வெட்டி நிழலில் காய வைத்ததாம். எனக்கு வந்தது சாஃப்ட்னர் ஏற்றி 170 டிகிரியில் ஸ்டென்டர் ஓட்டிய துணி.

அங்கேதான் விஷயம். அவ்வளவு சூட்டில் பாலியஸ்டர் இழைக்குள் இருக்கும் டிஸ்பர்ஸ் சாயத்தில் ஒரு பகுதி மேல்பரப்புக்கு வந்து சாஃப்ட்னர் படலத்தில் தங்கிவிடுகிறது. கிளியரிங் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அதற்குப் பிறகு நடப்பது இது. இதற்குள் பட்டறையில் மறுபடி சோப்பிங் போட்டுப் பழைய சூட்டிலேயே ஓட்டிக் கொண்டுவந்தார்கள். நைலானில் மீண்டும் 2-3. ரிடக்‌ஷன் கிளியரிங்கைத் திரும்பப் போடவும் வழியில்லை, ஹைட்ரோஸ் பருத்தியில் ஏறிய சாயத்தைத் தின்றுவிடும்.

தேய்த்துப் பார்க்கும் ரப்பிங் சோதனையிலும் இதன் சாயல் தெரிந்தது. ISO 105-X12-இல் 9 நியூட்டன் அழுத்தத்தில் வெள்ளைப் பருத்தித் துணி சுற்றிய விரல் 10 முறை போய் வரும். உலர்ந்ததில் 4, ஈரத்தில் 3. கிளியரிங் முடிந்த துண்டில் ஈரத்துக்கு 3-4. அரைப்படி வித்தியாசத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது, கண் மாறினாலே அரைப்படி மாறும். அதனால்தான் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து எழுதுகிறோம். ஈர ரப்பிங் துணியைக் காய வைக்காமல் பார்த்தால் இன்னும் கறுப்பாகத் தெரியும். அடியில் மூன்று மடிப்பு அதே வெள்ளைத் துணி வைக்காவிட்டால் மேசையின் நிறமும் சேர்ந்து தெரியும். ஒட்டிய பஞ்சைத் தட்டாமல் விட்டால் பஞ்சுக்கும் சேர்த்து மார்க் குறையும்.

சாஃப்ட்னரை மாற்றி, ஸ்டென்டரை 140-இல் ஓட்டி 20 மீட்டர் மட்டும் எடுத்துவரச் சொன்னேன். நைலானில் 4, அசிடேட்டில் 4 வந்தது. அகலம் மட்டும் சரியாக நிற்கவில்லை என்று மாஸ்டருக்குக் குறை. அதைப் பிறகு வேகத்தைக் குறைத்துப் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் அவர் அனுப்பும் துண்டுகளின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கிறது: 'ஸ்டென்டருக்குப் பின்'.