நாற்பது கேள்வி, ஒரு நோய்: ‘போன்ஃபெரோனி திருத்தம்’ என்ற சொல்லைப் பற்றி

மர்ஃபி டவுனில் ஒரு தாய் கேட்ட கேள்வியில்தான் இது தொடங்கியது. குழந்தைகளின் மூச்சிரைப்பை ஆராயும் இளம்பெண் ஒருவர், பெங்களூரில் தமிழ் பேசும் குடும்பங்களுக்காகத் தகவல் தாள் ஒன்றை அச்சடித்து வீடு வீடாகக் கொண்டுபோயிருந்தார். “இந்த ஆய்வில் 40 பரிசோதனைகள் செய்யப்படும். பின்னர் முடிவுகள் திருத்தப்படும்” என்று அதில் ஒரு வரி. தாளைப் படித்த அந்தத் தாய், “நாற்பது ஊசியா? அதுக்கப்புறம் ரிசல்ட்டை வேறு திருத்துவீர்களா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாள் என்னிடம் வந்தது. அல்சூர் ஏரிக்கரையில் ஒரு மாலை முழுவதும் அந்த ஒரு வரியோடுதான் போனது. மொழிபெயர்த்தவர் அகராதியைத்தான் பார்த்திருக்கிறார். தமிழில் அந்தச் சொல் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்கவில்லை.

முதலில் பொருள். கொசுவர்த்தி, சாம்பிராணி, விறகடுப்பு, ஓதம் ஏறிய சுவர், ஜன்னலில் அடையும் புறா, வீட்டையொட்டி ஓடும் லாரிகள் என்று நாற்பது விஷயங்களைப் பற்றிக் குடும்பங்களிடம் கேட்கிறார்கள். கேட்டு முடித்தபின், ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளின் வீட்டில் அது கூடுதலாக இருக்கிறதா என்று கணக்கிடுகிறார்கள். ‘சோதனை’ என்பது இந்தக் கணக்குதான். குழந்தையின் உடம்பை யாரும் தொடுவதில்லை. நோயோடு உண்மையில் தொடர்பே இல்லாதபோதும், இவ்வளவு வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகத் தெரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணக்கு ஓர் எண்ணாகச் சொல்லும். அதைப் பி-மதிப்பு என்பார்கள். அது 0.05-க்குக் கீழே வந்தால் ‘தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது’ என்று எழுதுவது வழக்கம்.

ஒரே ஒரு கேள்வி என்றால் இந்த வழக்கத்தில் பெரிய ஆபத்தில்லை. தொடர்பே இல்லாத ஒன்று நூற்றுக்கு ஐந்து முறை நம்மை ஏமாற்றும், அவ்வளவுதான். நாற்பது கேள்வி என்றால் கதை வேறு. நாற்பதில் ஒன்றுக்குக்கூட நோயோடு தொடர்பில்லை என்றே வைத்துக்கொண்டாலும், சராசரியாக இரண்டு ‘தொடர்புகள்’ கிடைக்கும். நாற்பதும் ஒன்றையொன்று சாராதவை என்றால், குறைந்தது ஒன்றாவது பொய்யாகக் கிடைக்கும் வாய்ப்பு 87 சதவீதம். வலையை நாற்பது முறை வீசியவர் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். ஆனால் கட்டுரையில் மீன் மட்டும் இருக்கும். எத்தனை முறை வீசினார் என்பது இருக்காது.

இந்தச் சிக்கலுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் என் கண்ணில் பட்டிருக்கின்றன. ‘பன்மடங்குச் சோதனை’ பொருந்தாது. மடங்கு என்பது பெருக்கல். இங்கே எதுவும் மடங்காகவில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. ‘பன்முகச் சோதனை’ என்றால் ஒரே பொருளைப் பல பக்கத்திலிருந்து பார்ப்பது, அதாவது ஒரு பாராட்டு. ‘பல்சோதனை’ இலக்கணப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைத் தாளில் போட்டால் குழந்தையைப் பல் மருத்துவரிடம் அழைத்துப்போவதாகத்தான் அந்தத் தாய் நினைப்பார். ‘பன்மைச் சோதனை’ என்பது என் தேர்வு. ஒருமை பன்மை எல்லோருக்கும் பள்ளியிலேயே பழக்கம். ஒன்றாக இருக்கும்போது இல்லாத தொல்லை பலவாகும்போது வருகிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ‘பரிசோதனை’ மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஊசிக்கும் ஸ்கேனுக்கும் உரியதாகிவிட்டது.

இனி போன்ஃபெரோனி. தாளில் ‘திருத்தப்படும்’ என்றது அவர் பெயரால் வழங்கும் திருத்தத்தைத்தான். கார்லோ எமிலியோ போன்ஃபெரோனி 1892-இல் பெர்கமோவில் பிறந்து 1960-இல் ஃபிளாரன்ஸில் மறைந்த இத்தாலியக் கணிதர். பல நிகழ்வுகள் சேரும்போது நிகழ்தகவு எந்த எல்லைக்குள் அடங்கும் என்பதைப் பற்றி 1936-இல் எழுதினார். அவர் எழுதியது சமனின்மைகளை. மருத்துவ ஆய்வின் முடிவு எதையும் அவர் திருத்தவில்லை. அவற்றுள் மிக எளிய சமனின்மை அவருக்கும் முந்தியது, 19-ஆம் நூற்றாண்டின் ஜார்ஜ் பூல் பெயரால் வழங்குவது. அதை எடுத்துப் பல ஒப்பீடுகளைச் சேர்த்துச் செய்வதற்கான முறையாக 1961-இல் வகுத்துத் தந்தவர் ஆலிவ் ஜீன் டன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர். அவர் பெயரும் சில நூல்களில் சேர்ந்து வருகிறது. ஆனால் நிலைத்தது இத்தாலியர் பெயர்தான். கணக்கைச் செய்துகாட்டியவரைவிட அதற்கு அடியில் இருந்த சூத்திரத்துக்கு உரியவர் பெயரே நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமனின்மையை வீட்டுக் கணக்காகவே சொல்லலாம். மூன்று குழந்தைகள் உள்ள வீடு. நாளைக்கு ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் வர நூற்றில் இரண்டு வாய்ப்பு. யாராவது ஒருவருக்காவது வரும் வாய்ப்பு நூற்றில் ஆறைத் தாண்டாது. ஒரே சளி மூவருக்கும் தொற்றும் வீடாக இருந்தால் ஆறைவிடக் குறையும், கூடவே கூடாது. கூட்டுத்தொகைதான் உச்சம். இதைத் திருப்பிப் போட்டால் முறை கிடைத்துவிடுகிறது: நாற்பது சோதனைகளில் ஒரு பொய்கூட நுழையாமல் இருக்க வேண்டும், அதில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தவறக்கூடாது என்றால், 0.05-ஐ நாற்பது பங்காக வகுத்து ஒவ்வொரு சோதனைக்கும் 0.00125 மட்டும் கொடு. கேள்விகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தாலும் இந்த உத்தரவாதம் கெடாது.

ஆய்வு இன்னும் முடியவில்லை. ஆகவே கணக்கு எப்படி நடக்கும் என்று காட்ட நானே சில எண்களைக் கட்டிக்கொண்டேன். நாற்பதில் ஆறு மட்டும் 0.05-க்குக் கீழே வந்ததாக வைத்துக்கொள்வோம்: கொசுவர்த்தி 0.0004, லாரிப் பாதை 0.0011, ஓதச் சுவர் 0.004, சாம்பிராணி 0.012, புறா 0.031, இரவில் தயிர்ச்சோறு 0.044. ஆர் மென்பொருளில் இரண்டே வரி:

```
p <- c(0.0004, 0.0011, 0.004, 0.012, 0.031, 0.044)
p.adjust(p, method = "bonferroni", n = 40)
```

வரம்பை நாற்பதால் வகுப்பதற்குப் பதிலாக, மென்பொருள் பி-மதிப்பை நாற்பதால் பெருக்கும், இரண்டும் ஒன்றுதான். 0.016, 0.044, 0.16, 0.48, 1, 1 என்று விடை வரும். பெருக்கி வரும் எண் ஒன்றைத் தாண்டினால் அதை ஒன்றிலேயே நிறுத்திவிடுகிறது. கொசுவர்த்தியும் லாரிப் பாதையும் 0.05-க்குள் நிற்கின்றன. தயிர்ச்சோறு தப்பித்தது. `n = 40` என்பதை எழுத மறந்தால் மென்பொருள் கொடுத்த ஆறையே மொத்தம் என்று எடுத்துக்கொண்டு ஆறால் மட்டும் பெருக்கும். ஓதச் சுவரும் 0.024 என்று உள்ளே வந்துவிடும். வென்றவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, பிறகு திருத்துவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

ஆக, மொத்தச் சிக்கலும் அந்த நாற்பதில்தான் இருக்கிறது. வகுப்பது பள்ளிக் கணக்கு. எதால் வகுப்பது என்பதுதான் கேள்வி. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஒவ்வொரு பழக்கத்தையும் ‘எப்போதாவது’, ‘தினமும்’ என்று இரண்டு விதமாகப் பார்க்கப் போவதாகவும், ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப் போவதாகவும் சொன்னார்.

“அப்படியானால் நாற்பது இல்லை, நூற்றறுபது” என்றேன்.

“கேள்வி நாற்பதுதானே, சார்?”

“கேட்டது நாற்பது. பார்க்கப்போவது நூற்றறுபது.”

வரம்பு இப்போது 0.0003125. என் எண்களில் முதலிடத்தில் நின்ற கொசுவர்த்தியே 0.064 ஆகி வெளியே விழுந்துவிடுகிறது. தரவில் ஒரு எழுத்தும் மாறவில்லை; பார்த்தவர் எத்தனை தடவை பார்த்தார் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

அதனால்தான் ‘திருத்தம்’ என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. தமிழில் பிழை இருந்தால்தான் திருத்துவோம். விடைத்தாளைத் திருத்துகிறோம், நிலத்தைத் திருத்துகிறோம், திருத்தியபின் பொருள் செம்மையாகிறது. இங்கே முடிவு எதுவும் செம்மையாகவில்லை. நம்புவதற்கான வரம்பு மட்டும் கடுமையாகிறது. ‘சரிக்கட்டல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆளைச் சரிக்கட்டுவது நினைவுக்கு வருகிறது, ஆய்வுக்கு நல்லதல்ல. ‘போன்ஃபெரோனி வரம்பு’ என்பதே போதும். வரம்பு என்றால் வயல் வரப்பு என்பது பழைய பொருள். எதை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது அதுதானே.

அதே தாளில் இன்னும் இரண்டு சொற்கள். ஆங்கிலத்தார் அந்த நாற்பதையும் ‘எக்ஸ்போஷர்’ என்பார்கள். அதை ‘வெளிப்பாடு’ என்று எழுதுவது தலைகீழ். உள்ளிருந்து வருவதுதான் வெளிப்பாடு, புகையோ வெளியிலிருந்து நம்மேல் படுகிறது. ‘காரணி’ என்று எழுதினால் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டோம்: காரணம் என்ற சொல் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. ‘ஆட்பாடு’ என்று எழுதலாம். புகைக்கு ஆட்படுகிறோம், ஆட்பட்டதால்தான் நோய் வந்தது என்று அந்தச் சொல் சொல்லவில்லை.

வரம்பின் குறையும் சொல்லியாக வேண்டும். 0.16 என்று வந்த ஓதச் சுவர் குற்றமற்றது என்று யாரும் எழுதக்கூடாது. பொய்யை நெருங்கவிடாமல் பிடித்த வரம்பு மெய்யையும் தடுத்திருக்கலாம். குழந்தைகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். விறகடுப்பு, கரி படிந்த சுவர், புகைபோக்கி இல்லாத சமையலறை என்று ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்டிருந்தால், உண்மையில் ஒன்றாக இருப்பதற்கு மூன்று பங்கு வரி கட்டுகிறோம். ஸ்டூரே ஹோம் 1979-இல் கொடுத்த படிமுறை கொஞ்சம் தளர்த்துகிறது: மிகச் சிறிய மதிப்பை 40-ஆலும் அடுத்ததை 39-ஆலும் பெருக்கி, வரம்பைத் தாண்டும் முதல் இடத்தில் நின்றுவிட வேண்டும். உத்தரவாதம் அதேதான், ஆகவே அதை விட்டுப் பழைய முறையைப் பிடித்துக்கொள்ளக் காரணம் எனக்குத் தெரியவில்லை, எளிமையைத் தவிர.

இன்னொன்றையும் எந்த வகுத்தலும் பிடிக்காது. 1981-இல் ஹார்வர்டைச் சேர்ந்த பிரையன் மக்மஹோன் குழு, கணையப் புற்றுநோயாளிகள் 369 பேரை வேறு 644 நோயாளிகளோடு ஒப்பிட்டது. புகையிலை, மது பற்றி ஆராயப் போனவர்களுக்கு எதிர்பாராமல் காப்பி அகப்பட்டது. காலையில் டிகாக்ஷன் இறங்கும் வீடுகளில் அந்தச் செய்தி என்ன கலக்கம் தந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். பின்வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை. பல ஆட்பாடுகளைத் துழாவியபோது தற்செயலாகச் சிக்கியது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் விமர்சகர்கள் முதலில் கைவைத்தது ஒப்பீட்டுக் குழுவில்: அதில் பலர் வயிற்றுக் கோளாறுக்காக மருத்துவரிடம் வந்தவர்கள், அதனால் காப்பியைக் குறைத்துக்கொண்டிருக்கக்கூடியவர்கள். அவர்கள் குறைவாகக் குடித்ததால் மற்றவர்கள் அதிகமாகக் குடித்ததுபோல் தெரிந்திருக்கலாம். நாற்பதால் வகுத்தாலும் நானூறால் வகுத்தாலும் அந்தக் கோணல் நேராகாது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் புதிய தாளோடு வந்தார். அந்த வரி இருந்த இடத்தில் இப்போது இப்படி இருந்தது: “உங்கள் வீட்டுப் பழக்கங்களைப் பற்றி 40 கேள்விகள் கேட்போம். ஊசி கிடையாது. இத்தனை பழக்கங்களை ஒரு நோயோடு ஒப்பிடும்போது, ஒன்றிரண்டு தற்செயலாகவே நோயோடு சேர்ந்து தெரியும். அதனால் மிக உறுதியாகத் தெரிபவற்றை மட்டுமே உங்களிடம் சொல்வோம்.” போன்ஃபெரோனி பெயரே அதில் இல்லை. அவர் பெயர் ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்துக்குப் போயிருந்தது. பக்கத்திலேயே, தரவு சேகரிக்கும் முன்பே, பேனாவால் எழுதியிருந்தார்: ஒப்பீடுகள், 160.